காக்கைச் சிறகினிலே: ஒரு கவிதை வரியை ஒரே காட்சிக்கான ப்ராம்ப்ட்டாக மாற்றிப் பழகிய அனுபவம்

புதுச்சேரியில் பிள்ளைகளுக்கான பாட்டு அட்டைகளும் வகுப்பறைச் சுவரொட்டிகளும் செய்கிறோம். ஓர் அட்டைக்கு ஒரு வரி, ஒரு வரிக்கு ஒரு படம். படங்களைச் சில ஆண்டுகளாக ஏஐ படக்கருவிகளில்தான் உருவாக்குகிறோம். இதற்குள் கருவிகள் பலமுறை மாறிவிட்டன. ஆனால் வரியைக் காட்சியாக மாற்றும் முறை பெரிதாக மாறவில்லை. அந்த முறையில் எது பலன் தந்தது, எது தரவில்லை என்பதை ஒரே வரியை வைத்துச் சொல்கிறோம். 1908 முதல் 1918 வரை இந்த ஊரில் வாழ்ந்த பாரதியின் வரி அது:

காக்கைச் சிறகினிலே நந்தலாலா - நின்றன்
கரியநிறம் தோன்றுதையே நந்தலாலா

இந்த வரியை அப்படியே கருவியில் போட்டால் பெரும்பாலும் நீல நிறக் கண்ணன்தான் வருவான். தலையில் மயிலிறகும் கையில் புல்லாங்குழலும் இருக்கும். சில சமயம் அவன் தோளில் காக்கை உட்கார்ந்திருக்கும், சில சமயம் அவன் முதுகிலேயே கறுப்புச் சிறகு முளைத்திருக்கும். கருவி சொற்களை வாசிக்கிறது, உறவை வாசிப்பதில்லை. வரியில் காக்கை, சிறகு, நந்தலாலா, கறுப்பு என்று நான்கு இருக்கின்றன. நான்கையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டால் வேலை முடிந்தது என்பது அதன் கணக்கு.

ஆனால் வரியில் கண்ணன் எங்கும் நிற்கவில்லை. இருப்பது காக்கை மட்டுமே. ஒருவர் அதன் சிறகைப் பார்க்கிறார், அந்தக் கறுப்பில் அவருக்கு வேறொருவர் நிறம் தெரிகிறது. வரியின் உயிர் ‘தோன்றுதையே’ என்ற வினையில் இருக்கிறது. அதனால் எந்த வரியை எடுத்தாலும் முதலில் வினையைத் தேடி, அது நடக்கும் ஒரு நொடியில் கண்ணுக்கு எது தெரியும், மனத்துக்கு மட்டும் எது தெரியும் என்று பிரித்து எழுதிக்கொள்கிறோம். இங்கே கண்ணுக்குத் தெரிவது காக்கை, சிறகு, அதன் மேல் விழும் ஒளி. மனத்துக்குத் தெரிவது கண்ணன், நினைவு, பக்தி. கருவிக்கு எழுதித் தரும் விவரிப்பான ப்ராம்ப்ட்டில் முதல் பட்டியல் மட்டும்தான் போக வேண்டும். இரண்டாவது பட்டியலைப் படம் பார்ப்பவர் தம் மனத்திலிருந்து தருவார், அட்டையில் அச்சாகும் வரி அதை எழுப்பிவிடும்.

அப்படியானால் ‘கண்ணன் வேண்டாம்’ என்று எழுதிவிடலாமே என்று தோன்றும். அது பெரும்பாலும் எதிர்விளைவைத்தான் தருகிறது. பல படக்கருவிகள் மறுப்பைச் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. பெயர் உள்ளே போனதுமே உருவமும் வந்துவிடும். ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்றவற்றில் வேண்டாதவற்றை எழுதத் தனிப் பெட்டி உண்டு, மிட்ஜர்னியில் `--no` என்ற கட்டளை உண்டு. கட்டாயம் தேவைப்பட்டால் அங்கே எழுதலாம். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லவே சொல்லாமல் விடுவதுதான் நம்பகமான வழி.

அடுத்து காக்கை. ‘crow’ என்று மட்டும் எழுதினால் உடல் முழுவதும் கறுத்த, பருத்த அலகுள்ள வெளிநாட்டுப் பறவை வருகிறது. சில நேரம் அதைச் சுற்றி மூடுபனியும் பட்ட மரமும் கல்லறையும்கூட வந்துவிடும். மேலைநாட்டுப் படங்களில் காக்கையும் அண்டங்காக்கையும் அச்சத்தின் அடையாளமாகவே நிறைய வந்திருப்பதால் கருவி அந்தத் துணையையும் சேர்த்தே கொண்டுவருகிறது. நம் வீட்டுக் கூரையில் வந்து உட்காரும் காக்கைக்குக் கழுத்தும் மார்பும் சாம்பல் நிறம். நெற்றியும் தொண்டையும் இறக்கையும் வாலும் கறுப்பு. ஆங்கிலத்தில் அதற்கு ‘house crow’ என்று பெயர். பெயரை மட்டும் நம்பாமல் ‘சாம்பல் கழுத்து’ என்ற விவரத்தையும் சேர்த்து எழுதினால்தான் சரியான பறவை வருகிறது. முழுக் கறுப்பான அண்டங்காக்கையைப் போட்டால் ‘கரியநிறம்’ இன்னும் பொருந்தாதா என்று எங்களுக்குள்ளேயே விவாதம் நடந்திருக்கிறது. சாம்பல் கழுத்துதான் நல்லது என்பது எங்கள் முடிவு. பக்கத்தில் சாம்பல் இருக்கும்போதுதான் சிறகின் கறுப்பு தனியாக எடுத்துத் தெரிகிறது. வரியும் காக்கை என்று நிறுத்தாமல் சிறகு என்றுதான் சொல்கிறது.

படம் வெற்றி பெறுவதும் தோற்பதும் ஒளியில்தான். காக்கைச் சிறகு வெறும் கறுப்பன்று. இறகின் நுண்ணிய அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளி நீலமும் ஊதாவும் கலந்த மினுக்கத்தைத் தரும். குறிப்பிட்ட கோணத்தில் சாய்வெயில் பட்டால்தான் அது நன்றாகத் தெரியும். ப்ராம்ப்ட்டில் ஒளியைச் சொல்லாமல் விட்டால் கருவி சமமான வெளிச்சத்தைப் போடும், சிறகு மை கொட்டிய இடம்போல் தட்டையாகிவிடும். ‘காலைச் சாய்வெயில், பக்கவாட்டிலிருந்து’ என்று எழுதியதும் சிறகில் நீலம் ஓடுகிறது. கண்ணனைச் சொல்லாமலே அவன் நிறம் படத்துக்குள் வருவது இங்கேதான். மயிலிறகு ஒன்றை ஓரத்தில் வைக்கலாமே என்று அடிக்கடி யோசனை வரும். நாங்கள் வைப்பதில்லை. வைத்ததும் படம் விடுகதையாகிவிடுகிறது, பார்ப்பவர் சிறகை விட்டுவிட்டு மயிலிறகுக்கு விளக்கம் தேடுகிறார்.

இடத்தைச் சொல்வதில் ஒரு எச்சரிக்கை. ‘புதுச்சேரி’ என்று எழுதினால் கருவிக்குத் தெரிந்த புதுச்சேரி முழுவதும் வந்து கொட்டும்: காகிதப்பூக் கொடி, வளைவு சன்னல், சாய்த்து வைத்த சைக்கிள், கற்கள் பாவிய தெரு. காக்கை அதில் ஒரு மூலைக்குப் போய்விடும். ‘தமிழ்நாடு’ என்று எழுதினால் பின்னால் கோபுரம் எழும்பும். ஊர்ப்பெயர் ஒரு சொல்தான், ஆனால் கருவிக்கு அது ஒரு மூட்டைப் பொருள். அதனால் மூட்டையிலிருந்து தேவையான ஒன்றை மட்டும் பெயர் சொல்லாமல் எடுக்கிறோம். இந்தக் காட்சிக்கு அது மஞ்சள் பூச்சுச் சுவர். பிரெஞ்சுக்காரர் பகுதியில் பார்த்துப் பழகிய அந்த மஞ்சளின் மேல் கறுப்பு அழுத்தமாக நிற்கும். அந்த ஒன்றே போதும், ஊர்க்காரருக்கு ஊர் தெரிந்துவிடும்.

கடைசியாக, உடலின் நிலை. ‘சிறகை விரித்த காக்கை’ என்று எழுதினால் மூன்று சிறகு முளைப்பதும், விரிந்த சிறகுக்குக் கீழே மடங்கிய சிறகு ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. இரண்டு சிறகுக்கும் தனித்தனியாக நிலை சொன்னால் இந்தப் பிழை பெரிதும் குறைகிறது. இடது சிறகு பாதி திறந்திருக்கிறது, வலது மடங்கியிருக்கிறது, அலகு இடது சிறகைக் கோதுகிறது. கோதுதல் என்ற செயல் இருப்பதால் சிறகு திறந்திருக்கக் காரணமும் கிடைக்கிறது, பார்ப்பவர் கண்ணும் அலகின் வழியே சிறகுக்குப் போகிறது.

முதலில் இதையெல்லாம் தமிழில் நாலைந்து வாக்கியமாக எழுதி வைக்கிறோம், பிறகு ஆங்கிலத்தில் எழுதிக் கருவியில் இடுகிறோம். புதிய அரட்டைவகைக் கருவிகள் தமிழை ஏற்கின்றன. ஆனால் அவற்றில் சில நாம் எழுதியதை உள்ளே தாமாகவே விரித்து எழுதிக்கொள்கின்றன. அப்போதுதான் கோபுரமும் மயிலிறகும் மறுபடி நுழைகின்றன. எங்கள் இப்போதைய ப்ராம்ப்ட் இது:

```
A house crow with grey neck and breast on a low yellow
plastered wall, side view, left wing half open as it preens,
right wing folded. Low morning sun from the side, blue-violet
sheen on the black wing feathers. Close view, plain pale sky,
upper third empty. Gouache illustration, matte, few colours.
```

வரிசை முக்கியம். பறவை, இடம், செயல், ஒளி, சட்டம், கடைசியாகத் தீட்டும் பாணி. ஸ்டேபிள் டிஃப்யூஷனின் 1.5, எக்ஸ்எல் பதிப்புகளில் எழுத்தை வாசிக்கும் பகுதி ஒரு தடவைக்கு 77 டோக்கன், அதாவது சொல் அல்லது சொல்துண்டு, மட்டுமே கொள்ளும். சில மென்பொருள்கள் மிகுதியைத் துண்டுபோட்டுச் சேர்க்கும், சில வெட்டிவிடும். வெட்டுப்பட்டாலும் பாணி போகட்டும், பறவை போகக் கூடாது. பழைய காலத்துப் பழக்கமாக ‘masterpiece, 8k’ என்று வால் சேர்ப்பதை நிறுத்திவிட்டோம். இன்றைய கருவிகளில் அது பளபளப்பைத்தான் கூட்டுகிறது, அந்தப் பளபளப்பு சிறகின் மினுக்கத்தை விழுங்கிவிடுகிறது.

மேல்பகுதியைக் காலியாகக் கேட்பது பாட்டு வரி அச்சிடத்தான். தமிழ் எழுத்தைக் கருவியிடம் எழுதச் சொல்வதில்லை. கொம்பும் காலும் இடம் மாறும், ‘சிறகினிலே’ என்பது வாசிக்க முடியாத கோலமாகிவிடும். படம் வந்த பிறகு யூனிகோடு எழுத்துருவில் தனியாக வைக்கிறோம்.

திருத்தும்போது, படம் எங்கிருந்து உருவாகத் தொடங்குகிறது என்பதை முடிவுசெய்யும் ‘சீட்’ எண்ணை மாற்றாமல் வைத்து, ஒரு முறைக்கு ஒரு சொல்லை மட்டும் மாற்ற வேண்டும். ஒளியையும் நிலையையும் சேர்த்து மாற்றினால் எது கெடுத்தது என்றே தெரியாது. முடிந்த படத்தை வரி இல்லாமல் ஒருவரிடம் காட்டி, ‘என்ன தெரிகிறது?’ என்று கேட்போம். ‘காக்கை றெக்கை நீலமா மின்னுது’ என்று சொன்னால் படம் தேறியது. ‘ஒரு சுவர், ஒரு காக்கா, ஒரு வானம்’ என்று அடுக்கினால் காட்சி இன்னும் ஒன்றாகவில்லை. அப்போது பொருளைக் குறைப்போம், இல்லை பறவைக்கு இன்னும் கிட்டப் போவோம்.

இந்த முறை எல்லா வரிக்கும் ஒத்துவராது. இதே பாட்டில் அடுத்து வரும் மரங்களின் பச்சை எளிது, இலைக்கும் ஒளிக்கும் இதே வழி போதும். கேட்கும் ஒலி பற்றிய வரிக்குக் கருவி காற்றில் இசைக்குறிகளை மிதக்கவிடும். அங்கே ஒலியை விட்டுவிட்டு, வேலையை நிறுத்திக் காது கொடுக்கும் ஒரு முகத்தைக் கேட்க வேண்டியிருக்கிறது. தீக்குள் விரலை வைக்கும் வரிதான் எங்களுக்கு இன்னும் வசப்படவில்லை. விரலைத் தீயில் காட்டினால் பார்ப்பவருக்கு முதலில் சூடுதான் உறைக்கிறது. முகத்தில் புன்னகை வைத்தால் படம் விபரீதமாகிவிடுகிறது. இன்பம் தொடுதலில் இருக்கிறது, தொடுதல் படத்தில் ஏறவில்லை. அந்த அட்டையில் படம் போடாமல் வரியை மட்டும் அச்சிட்டிருக்கிறோம்.