பன்னிரண்டு மீனும் ஒரே தாளும்: குட்டி வரைபடங்களோடு மூன்று வருடம்

திருகோணமலையில் ஒரு மொத்த மீன் கடையில் கணக்கு எழுதுகிறேன். சாளை, சூடை, நெத்தலி, சூரை, கும்பிளா, பாரை, அறுக்குளா, விளைமீன், திருக்கை, கணவாய், இறால், நண்டு என்று பன்னிரண்டு வகையின் மாத வரத்தையும் முதலாளிக்கு ஒரு தாளில் காட்ட வேண்டும். முதலில் எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் பன்னிரண்டு நிறக் கோடுகளாகப் போட்டேன். சிக்கின வலை மாதிரி இருந்தது. அதன்பிறகு மீனுக்கு ஒரு சின்னப் பெட்டி, வரிசைக்கு நாலு, மூன்று வரிசை என்று பிரித்தேன். மூன்று வருடமாக இதைத்தான் பாவிக்கிறேன்.

பிரிப்பது சுலபம், அளவுகோலில்தான் மாட்டிக்கொண்டேன். எங்கள் கடைக்குச் சாளை நல்ல மாதத்தில் 8,000 கிலோ வரும். கணவாய் 120 கிலோவிலிருந்து 360 வரை போகும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே அளவுகோல் வைத்தால், 3 சென்டிமீட்டர் உயரப் பெட்டியில் கணவாய்க் கோடு ஒன்றரை மில்லிமீட்டர்கூட எழும்பாது. செத்த பாம்பு மாதிரி அடியில் கிடக்கும்.

பார்க்கச் சகிக்கவில்லை என்று, வரைபடம் போடும் ஆர் என்ற கணினி மொழியில் `scales = "free_y"` போட்டேன். ஒவ்வொரு பெட்டியும் தன் அளவை எடுத்துக்கொண்டது, பன்னிரண்டு கோடும் அழகாக ஏறி இறங்கின. முதலாளி தாளைப் பார்த்துவிட்டு, "தம்பி, கணவாய் சாளை அளவுக்கு வருகுதோ?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த எண்களை அவர் பார்க்கவில்லை. யார்தான் பார்ப்பார்கள்? கணவாய்க்கென்று கூடுதல் ஐஸ் பெட்டி சொல்லி, பாதி வெறுமனே கிடந்தது. பிழை என்னுடையது. எக்செல்லில் ஒரு கட்டத்துக்குள் அடங்கும் ஸ்பார்க்லைன் என்ற குட்டிக் கோடு போடுகிறவர்களுக்கும் இதே பொறி உண்டு. தானாக விட்டால் அது ஒவ்வொரு கோட்டுக்கும் தனி அளவுதான் எடுக்கும். அச்சு அமைப்பில் குறைந்த அளவு, கூடிய அளவு இரண்டுக்கும் `Same for All Sparklines` என்று நாமாகத்தான் மாற்ற வேண்டும்.

அப்புறம்தான் விளங்கியது, நான் ஒரு படத்திடம் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறேன். எவ்வளவு ஐஸ் வேண்டும் என்பதற்குக் கிலோதான் பதில். அந்தத் தாளில் அளவுகோல் பொதுவாகவே இருக்கட்டும், கணவாய் தட்டையாகத் தெரிவதுதான் உண்மை. எந்த மீனுக்கு எப்போது காலம் என்பது வேறு கேள்வி. அதற்கு அளவுகோலைத் தளர்த்தாமல், வரைகிற எண்ணையே மாற்றினேன். ஒவ்வொரு மாத வரத்தையும் அந்த மீனின் சொந்த மாதச் சராசரியால் வகுத்தேன்.

```r
d$index <- d$kg / ave(d$kg, d$fish)
ggplot(d, aes(month, index, group = year)) +
  geom_line() + geom_hline(yintercept = 1) +
  facet_wrap(~ fish, ncol = 4)
```

சாளையின் சராசரி 4,000, கணவாயினது 180. ஆகவே 8,000 கிலோவும் 360 கிலோவும் இரண்டுமே 2 என்று ஒரே உயரத்தில் நிற்கின்றன. 1 என்ற கிடைக்கோட்டுக்கு மேலே இருந்தால் அந்த மீனுக்கு நல்ல மாதம். அளவுகோல் பொதுவானது என்பதால் பெட்டிக்குப் பெட்டி கண்ணை ஓட்டி ஒப்பிடலாம். ஆனால் எடை மறைந்துபோகிறது. அதனால் பெட்டித் தலைப்பிலேயே "கணவாய், சராசரி 180 கிலோ" என்று எழுதிவிடுகிறேன்.

மாத வரிசையிலும் ஒரு வேலை இருந்தது. எங்கள் கரையில் வாடைக் காற்றும் மழையும் வரும் நவம்பர் முதல் ஜனவரி வரை கடல் கொந்தளிக்கும், வரத்து விழும். ஜனவரியில் தொடங்கினால் அந்தப் பள்ளம் இரண்டாக உடைந்து பெட்டியின் இரு ஓரத்திலும் ஒட்டிக்கொள்ளும். ஜூலையில் தொடங்கினேன், பள்ளம் நடுவில் முழுசாக வந்தது. ஆனால் ஆண்டுக்கு ஒரு கோடாகப் பிரிக்கும் `year` நெடுவரிசையை மாற்ற மறந்துவிட்டேன். டிசம்பர் 2022-க்குப் பிறகு கோடு ஜனவரி 2022-க்குத் தாவி, நடக்காத ஏற்ற இறக்கத்தைக் காட்டியது. டிசம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில் எல்லாப் பெட்டியிலும் ஒரே மாதிரி வெட்டு விழுந்தால் சந்தேகப்படுங்கள். ஆண்டையும் ஜூலை முதல் ஜூன் வரை எண்ண வேண்டும்.

திருக்கை மட்டும் இன்னும் அடங்கவில்லை. அதன் சராசரி 15 கிலோதான், ஒரு பெரிய திருக்கை வந்தாலே கோடு 5-க்குத் துள்ளும். பொது அளவுகோல் என்பதால் அந்த ஒன்றுக்காக மற்றப் பதினொன்றும் நசுங்கும். இப்போது அதைப் படத்திலிருந்து எடுத்துவிட்டு, அடியில் ஒரு வரியாக எழுதுகிறேன். காலியான இடத்தில் முதலாளி தேநீர்க் குவளையை வைக்கிறார்.