ஊசி முதலிலா, இட்லி முதலிலா?

என் மகளுக்கு டைப் 1 சர்க்கரை என்று தெரிந்தபோது வயது இரண்டே கால். சாப்பாட்டுக்குப் பதினைந்து நிமிடம் முன்னால் ஊசி போடுவதுதான் முறை. வேகமாக வேலை செய்யும் இன்சுலினுக்கு அது சரியான கணக்கு. சாப்பிட்டபின் சர்க்கரை அவ்வளவாக ஏறாது. நாங்களும் கடலூரில் முதல் மாதம் அப்படித்தான் செய்தோம்.

அவளுக்கு 30 கிராம் மாவுச்சத்துக்கு ஒரு யூனிட். இது அவளுக்கு டாக்டர் போட்ட கணக்கு, குழந்தைக்குக் குழந்தை மாறும். எங்கள் வீட்டு சின்ன இட்லி ஒன்றில் சுமார் 8 கிராம். நான்கு சாப்பிடுவாள் என்று ஒரு யூனிட் போட்டேன். ஒன்றரை இட்லியோடு வாயை மூடிக்கொண்டாள். போட்ட மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது. பால், பிஸ்கட், கெஞ்சல், எல்லாம் முடிந்தும் ஒன்றரை மணி நேரத்தில் சர்க்கரை 58-க்கு இறங்கிவிட்டது.

அன்று அவள் அழவில்லை. விளையாடிக்கொண்டிருந்தவள் பொம்மையைப் போட்டுவிட்டு மடியில் வந்து சாய்ந்தாள். "தூக்கம் வருதும்மா அவளுக்கு, விடு" என்றார் அத்தை. கழுத்துக்குப் பின்னால் கை வைத்தேன், ஈரமாக இருந்தது. இந்த வயதில் படபடப்பு என்று சொல்லத் தெரியாது. திடீர் பிடிவாதம், வெளிறிய முகம், நேரங்கெட்ட தூக்கம் என்றுதான் காட்டும். சந்தேகம் வந்தால் ஊகிக்காமல் விரலில் குத்திப் பார்ப்பதே நல்லது. 70-க்குக் கீழே என்றால் ஒரு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் மறுபடி பார்ப்போம். நினைவு தப்பினாலோ வலிப்பு வந்தாலோ வாயில் எதுவும் ஊற்றக்கூடாது. சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் ஊசியும் ஆஸ்பத்திரியும்தான்.

அப்புறம் டாக்டரிடம் பேசி, சாப்பிட்டு முடித்ததும் ஊசி என்று மாற்றினோம். தின்றதற்கு மட்டும் மருந்து. இதற்கும் விலை உண்டு: ஒரு மணி நேரத்தில் 240, 250 என்று ஏறும், பிறகு இறங்கும். தட்டோடு முக்கால் மணி நேரம் உட்கார வைத்தால் இன்னும் மோசம், அதனால் இருபது நிமிடத்தோடு சாப்பாட்டை முடித்துவிடுகிறோம். இன்னொன்று, இது வேகமான இன்சுலினுக்கு மட்டுமே பொருந்தும். ரெகுலர் இன்சுலின் வேலை தொடங்கவே அரைமணி ஆகும், வெகுநேரம் உடம்பில் நிற்கும். பின்னால் போட்டால் சாப்பாடு செரித்த பிறகும் சர்க்கரையை இறக்கிக்கொண்டிருக்கும்.

இப்போது நாங்கள் நிற்பது இரண்டுக்கும் நடுவில். இரண்டு இட்லி எப்படியும் உள்ளே போகும், அதற்கு அரை யூனிட் முன்னால். நான்கையும் முடித்தால் மீதி அரை யூனிட் உடனே பின்னால். அரை யூனிட்டும் அளந்து போடக்கூடிய இன்சுலின் பேனா இல்லாமல் இது நடக்காது. ஒரே சாப்பாட்டுக்கு இரண்டு குத்து என்பது எனக்கு வலிக்கிறது. ஆனால் சோற்றுக்காக அவளோடு நடந்த சண்டை நின்றுவிட்டது, காலை நேரத்தில் சர்க்கரை இறங்கிப்போவதும் வெகுவாகக் குறைந்தது.

காய்ச்சலில் சரியாகச் சாப்பிடாத நாளில் முன்னால் போடும் அந்த அரை யூனிட்டும் கிடையாது, பின்னால் மட்டும்தான். பிரியாணி, வடை மாதிரி எண்ணெய்ச் சாப்பாட்டில் சர்க்கரை தாமதமாக ஏறுகிறது. அதற்கு எங்களுக்கு இன்னும் கை பழகவில்லை; இரண்டு மணி நேரம் கழித்தும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறோம்.