ஸ்ரீசக்கரமா, மணல் மண்டலமா?

இரண்டுமே பிரபஞ்சத்தின் வரைபடம்தான், ஆனால் மனத்தை நிறுத்தும் விதம் வேறு.

ஸ்ரீசக்கரத்தில் உருவங்கள் இல்லை, கோடுகள் மட்டுமே. மேல்நோக்கிய 4 முக்கோணங்கள் சிவம், கீழ்நோக்கிய 5 சக்தி. ஒன்றையொன்று வெட்டி 43 சிறு முக்கோணங்கள் பிறக்கும். வரைந்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும்: மூன்று கோடுகள் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டிய இடங்கள் பல. ஒரு கோடு சற்று நகர்ந்தாலும் அங்கே வேண்டாத குட்டி முக்கோணம் முளைக்கும். அச்சிட்டு விற்கும் படங்களில் இந்தப் பிழை சகஜம். வாங்குமுன் அந்தச் சந்திப்புகளைப் பாருங்கள். தியானத்தில் பார்வை வெளிச்சதுரத்திலிருந்து நடுப்பிந்துவுக்குப் போனால் ஒடுக்கம், பிந்துவிலிருந்து வெளியே வந்தால் படைப்பு.

திபெத்திய பௌத்தர்கள் மணலால் வரையும் காலசக்கர மண்டலமோ ஓர் அரண்மனையின் தரைப்படம். நான்கு வாசல், 722 தெய்வங்கள். துறவிகள் உலோகக் கூம்புக் குழாயை உரசி, வண்ண மணலை நடுவிலிருந்து வெளியே தூவுவார்கள். சாதகர் அதை மனத்தில் முப்பரிமாண மாளிகையாக எழுப்பி உள்ளே நுழைய வேண்டும். சடங்கு முடிந்ததும் மணலைக் கூட்டி ஆற்றில் விடுவார்கள்.

காஞ்சி காமாட்சி முன்னுள்ள ஸ்ரீசக்கரமோ நிலையாக இருந்து தினமும் பூஜை பெறுகிறது. தனியாகப் பழக எனக்கு ஸ்ரீசக்கர யந்திரமே எளிது. மண்டலத்துக்குக் குரு வேண்டும்.