மொத்தப் பெட்டிக்கு ஒரே ரேட்டிங்கா, எலிமென்டுக்கு ஒன்றா?

பேக்கிங் வேலைக்கு ஸ்டாண்டர்ட் டைம், அதாவது ஒரு பெட்டிக்கு இவ்வளவு நேரம் என்ற கணக்கு, போட இரண்டு வழிகள் புழக்கத்தில் உள்ளன. பெட்டி தொடங்கி முடியும்வரை ஒரே நேரமாக எடுத்து ஒரே ரேட்டிங்கால், அதாவது சாதாரண வேகத்தை 100 என்று வைத்துப் பணியாளரின் வேகத்தை மதிப்பிடும் எண்ணால், பெருக்குவது ஒன்று. வேலையை எலிமென்ட்கள் என்னும் சிறு பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி நேரம், தனி ரேட்டிங் குறிப்பது இன்னொன்று. முதலாவது சுலபம், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனாலும் என் ஓட்டு இரண்டாவதற்கே.

100 கிராம் மசாலா பாக்கெட் 48 அடுக்கும் அட்டைப்பெட்டியை எடுத்துக்கொள்வோம். பெட்டியை விரித்து அடிப்பக்கம் ஒட்ட 14 வினாடி, ரேட்டிங் 115. பாக்கெட் அடுக்க 40 வினாடி, ரேட்டிங் 110. பெட்டி டேப் மெஷினையும் தேதி அச்சிடும் கன்வேயரையும் தாண்டி வர 18 வினாடி. இது மெஷினின் வேகம், பணியாளர் எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும் மாறாது. அதனால் 100 மட்டுமே. லேபிள் ஒட்டி பேலட்டில் வைக்க 10 வினாடி, ரேட்டிங் 100. (மெஷின் ஓடும்போது அடுத்த பெட்டியை விரிக்கலாமே என்று கேட்பீர்கள். இங்கே இருப்பது ஒரே மேசை, இடமில்லை. இடம் கொடுக்க முடிந்தால் முதலில் அதைச் செய்துவிட்டுப் பிறகு ஸ்டாப்வாட்ச்சைத் தொடுங்கள்.)

இவற்றோடு 25 பெட்டிக்கு ஒருமுறை காலி அட்டைக் கட்டு எடுத்துவர 50 வினாடி, அதாவது பெட்டிக்கு 2 வினாடி. ஒவ்வொரு நேரத்தையும் அதன் ரேட்டிங்கால் பெருக்கி 100-ஆல் வகுத்துக் கூட்டினால் நார்மல் டைம்:

```
16.1 + 44 + 18 + 10 + 2 = 90.1 வினாடி
```

முதல் வழிக்காரர் 20 சுற்று பார்க்கிறார். கட்டு எடுக்கப் போன சுற்று அதில் வரவே இல்லை. வந்திருந்தாலும் 'அசாதாரணம்' என்று அடித்துவிட்டிருப்பார். சராசரி 82 வினாடி, ரேட்டிங் 110. ஆக 90.2. 'இரண்டும் ஒன்றுதானே, எதற்கு இவ்வளவு மெனக்கெடல்?' என்று கேட்கத் தோன்றும். அது தற்செயல். மெஷின் நேரத்தையும் லேபிள் நேரத்தையும் 1.1-ஆல் பெருக்கியதில் 2.8 வினாடி கூடிற்று. கட்டு எடுப்பதை விட்டதிலும் விரிப்பதைக் குறைத்து மதித்ததிலும் 2.7 வினாடி குறைந்தது.

பெட்டி மாறும் நாளில்தான் வித்தியாசம் தெரியும். பேக்கிங்கில் பெட்டி மாறாமல் இருந்த வருஷம் உண்டா? ஆர்டர் 60 பாக்கெட் பெட்டிக்கு மாறியது என்போம். மெஷின் நேரம் அதேதான். எலிமென்ட் தாளில் அடுக்கும் வரியை மட்டும் திருத்தினால் போதும். 44 வினாடி 55 ஆகும், மொத்தம் 101.1. முதல் வழியில் கையில் இருப்பது ஒரே எண். அதை 60/48-ஆல் பெருக்குவார்கள், 112.8 வரும். களைப்புக்கும் சொந்தத் தேவைக்கும் 15% அலவன்ஸ் சேர்த்தால் எட்டு மணி நேரத்துக்கு எலிமென்ட் வழி 247 பெட்டி என்கிறது, முதல் வழி 222 என்கிறது. 24 பாக்கெட் பெட்டிக்குப் போனால் தவறு திரும்பி ஆளைக் கடிக்கும். உண்மையில் 68.1 வினாடி வேலைக்கு 45.1 வினாடி என்று போட்டிருப்பார்கள். அந்த டார்கெட்டை யாராலும் தொட முடியாது. தாளில் பிரிவே இல்லாததால் தவறு எந்த இடத்தில் என்று காட்டவும் முடியாது.

ரேட்டிங் சரியா என்று சோதிக்கவும் எலிமென்ட் வழிதான் உதவும். அடுக்கும் நேரம் ஒரு சுற்றில் 44 வினாடி, இன்னொன்றில் 40, வேறொன்றில் 36.7 என்றால், ரேட்டிங் முறையே 100, 110, 120 ஆக இருக்க வேண்டும். மூன்றின் பெருக்கமும் 44-ஐ ஒட்டியே வரும். எல்லாச் சுற்றுக்கும் 110 என்றே எழுதியிருந்தால், பார்த்தவர் வேகத்தைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். ரேட்டிங்கை வாட்ச்சைப் படிக்கும் முன்பே எழுதிவிட வேண்டும். நேரத்தைப் பார்த்தபின் எழுதினால் கை தானாகவே நேரத்துக்கு ஏற்ற ரேட்டிங்கைப் போடும்.

அலவன்ஸ் இரண்டு வழிக்கும் பொதுதான், ஆனால் சூத்திரத்தில் வழுக்குவார்கள். மேலே உள்ள 15% என்பது சொந்தத் தேவைக்கு 7, அடிப்படைக் களைப்புக்கு 4, நின்று வேலை செய்வதற்கு 4. இவை நார்மல் டைமின் சதவீதங்கள், பெருக்க வேண்டும்:

```
90.1 × 1.15 = 103.6 வினாடி
```

அதே 15% ஷிஃப்ட் நேரத்தின் பங்காக அளக்கப்பட்டிருந்தால் 0.85-ஆல் வகுக்க வேண்டும், 106 வினாடி வரும். எது என்று தாளிலேயே எழுதிவையுங்கள். மெஷின் ஓடும் 18 வினாடிக்கும் களைப்பு அலவன்ஸ் தரலாமா என்பதில் ஒரே விடை இல்லை. சொந்தத் தேவை அங்கேயும் உண்டு. களைப்பு, ஆள் நின்றே காத்திருக்கிறாரா உட்கார இடம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. இந்தக் கணக்கில் நின்றுதான் காத்திருக்கிறார் என்பதால் முழுதும் சேர்த்திருக்கிறது.

மொத்த ரேட்டிங்கை ஒரேயடியாக ஒதுக்கவும் வேண்டாம். இரண்டு வினாடிக்கும் குறைந்த அசைவுகளாக வேலை உடைகிறது, மெஷினே இல்லை, கொட்டேஷனுக்கு நாளைக்குள் ஒரு எண் வேண்டும் என்றால் அது போதும். அவ்வளவு சிறிய துண்டுகளை வாட்ச்சில் பிடிக்கவும் முடியாது, ரேட் செய்யவும் முடியாது. அந்த எண்ணை இன்சென்டிவ் கணக்குக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள்.