ஆலை வேலையை விட்ட இதய நோயாளிக்கு வீட்டில் எது பொருந்தும்: கணக்கெழுத்தா, தையலா, சாதனப் பழுதா?

கேள்வி: "இலகுவான வேலை பாருங்கள்" என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எது இலகு என்று எப்படி அளப்பது?

டிரெட்மில் பரிசோதனை அறிக்கையை எடுத்துப் பாருங்கள். அதில் 'மெட்' என்ற அளவில் ஒரு எண் இருக்கும். சும்மா உட்கார்ந்திருக்க உடலுக்குத் தேவைப்படும் சக்தி 1 மெட். அறிக்கையில் 6 என்று இருந்தால், உங்களால் எட்ட முடிந்த உச்சம் அதைப்போல் ஆறு மடங்கு என்று பொருள். நாள் முழுக்கச் செய்யும் வேலையின் சராசரி, இந்த உச்சத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து 40 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது மறுவாழ்வு மருத்துவத்தில் பழக்கமான கணக்கு. 6 மெட் உள்ளவருக்கு அது 2 முதல் 2.4 வரை. மூன்று வேலைகளையும் இந்த எல்லையில் வைத்தே பார்ப்போம்.

கேள்வி: கணினியில் கணக்கு எழுதுவது எப்படி?

சுமார் 1.5 மெட். எல்லைக்குள் வசதியாக அடங்குகிறது. உடலளவில் மூன்றிலும் இதுதான் பாதுகாப்பானது. ஆனால் மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்தால் கால் வீங்கும், ரத்தம் தேங்கும். அரை மணிக்கொரு முறை எழுந்து அறைக்குள் நடக்க வேண்டும். இன்னொரு சிக்கல், மாதக் கடைசியில் எல்லாப் பில்களும் ஒரே நாளில் வந்து குவிவது. இரவு கண்விழிப்பும் பதற்றமும் அங்கேதான் தொடங்குகின்றன. வாரம் ஒருமுறை பில் தரச் சம்மதிப்பவர்களை மட்டும் வாடிக்கையாளராகச் சேர்த்தால் இது பெருமளவு குறையும். கணினிப் பழக்கம் இல்லாதவருக்குக் கற்றுக்கொள்ளும் காலம் உண்டு, அதுவரை வருமானம் இருக்காது.

கேள்வி: தையல் உட்கார்ந்து செய்யும் வேலைதானே?

உட்கார்ந்து செய்வதுதான், ஆனால் 3 மெட்டை நெருங்கும். மேலே சொன்னவருக்கு இது எல்லையைத் தாண்டுகிறது. மிதி இயந்திரம் அவருக்கு வேண்டாம், மோட்டார் பொருத்தியது போதும். உண்மையான சுமை இஸ்திரியில் இருக்கிறது. நின்றுகொண்டு, வெப்பத்தில், கனமான பெட்டியை அழுத்தித் தள்ளும்போது ரத்த அழுத்தம் ஏறும். கால் செய்யும் அதே அளவு வேலையைக் கை செய்தால் இதயத்துடிப்பு கூடுதலாக உயரும் என்பதும் இங்கே சேர்ந்துகொள்கிறது. ஆகவே முழு உடை தைப்பதை விட்டுவிட்டு ஓரம் மடிப்பது, ஜிப் மாற்றுவது, அளவு குறைப்பது போன்றவற்றை எடுக்கலாம். அரை மணி தையல், கால் மணி ஓய்வு. துண்டுக்கு இவ்வளவு என்ற கூலியில் இந்த ஓய்வைத்தான் முதலில் தியாகம் செய்யத் தோன்றும், அதைச் செய்யக்கூடாது. ஸ்டென்ட் வைத்து ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு ஊசி குத்தினாலும் ரத்தம் நிற்க நேரமாகும். சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

கேள்வி: ஆலையில் ஃபிட்டராக இருந்தேன். மிக்ஸி, மின்விசிறி பழுது பார்க்கலாமா?

கையிலிருக்கும் திறமை உடனே காசாவது இதில்தான். மேசையில் உட்கார்ந்து ஸ்க்ரூ கழற்றுவதும் ஈயம் வைத்துப் பற்றவைப்பதும் ஏறக்குறைய 2 மெட். வில்லங்கம் இரண்டு இடத்தில் இருக்கிறது. துருப்பிடித்த போல்ட்டைக் கழற்ற மூச்சைப் பிடித்துக்கொண்டு முறுக்குவது முதலாவது. அந்தச் சில நொடிகளில் ரத்த அழுத்தம் சட்டென எகிறும். துரு இளக்கும் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள், நீளக் கைப்பிடி ஸ்பேனர் வையுங்கள், முறுக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். கூரையில் மாட்டிய விசிறியைக் கழற்றி இறக்கும் வேலையை ஏற்காதீர்கள். கையைத் தலைக்கு மேல் தூக்கிச் செய்யும் வேலை இதயத்துக்குப் பெரும் சுமை.

இரண்டாவது, பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு. ஒலிபெருக்கியின் காந்தத்தை உற்றுப் பார்ப்பதற்காக மார்பருகே கொண்டுவருவது பழக்கத்தில் நடந்துவிடும். காந்தம் கருவியிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். குனியாமல் பார்க்க மேசையில் உருப்பெருக்கிக் கண்ணாடி பொருத்துங்கள். ஆர்க் வெல்டிங்கை மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

கேள்வி: வேலை கூடிவிட்டது என்று எப்படித் தெரியும்? நாடி பார்த்தால் போதுமா?

பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவருக்கு நாடி ஏமாற்றும், மருந்தே அதை அடக்கி வைத்திருக்கும். வேலை செய்துகொண்டே முழு வாக்கியம் பேசிப் பாருங்கள். நடுவில் மூச்சு வாங்கினால் சுமை அதிகம். மறுநாள் காலையும் அசதி நீடித்தால் முந்தைய நாள் வேலை கூடுதல். இதயம் வலுவிழந்தவர் தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும். 3 நாளில் 2 கிலோ ஏறினால் உடலில் நீர் சேர்கிறது, அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். வேலையை நிறுத்திய பிறகும் 5 நிமிடத்துக்கு மேல் மார்பு வலி இருந்தால் ஆம்புலன்ஸை அழையுங்கள், காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: அப்படியானால் எதை எடுப்பது?

6 மெட் உள்ள ஃபிட்டருக்கு எங்கள் தேர்வு சாதனப் பழுது. நாளுக்கு இரண்டு வேளை, வேளைக்கு இரண்டு மணி நேரம். சாதனத்தை வாடிக்கையாளரே கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். உச்சம் 4 மெட்டுக்குக் கீழே இருந்தாலோ, பேஸ்மேக்கர் இருந்தாலோ கணக்கெழுத்துதான் சரி. தையலை, வெட்டவும் இஸ்திரி போடவும் வீட்டில் இன்னொருவர் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.