பாத்ரூம் நாற்றத்துக்குத் தரையை உடைக்கச் சொல்கிறார்களா? முதலில் மொட்டைமாடிக்குப் போங்கள்

சென்னையில் ஒரு நான்கு மாடிக் குடியிருப்பு. மூன்றாம் மாடி பாத்ரூமில் சாக்கடை நாற்றம். வந்த கான்ட்ராக்டர், தரைத் தண்ணீர் வடியும் ஜாலிக்கு அடியில் இருக்கும் நானி ட்ராப் போய்விட்டது என்று தரையை உடைத்துப் புதிது வைத்தார். டைல்ஸ், கூலி எல்லாம் சேர்த்துப் பணம் வாங்கிக்கொண்டார். ஒரே வாரத்தில் நாற்றம் திரும்பியது. மறுபடி கூப்பிட்டால் கீழே சேம்பர் அடைப்பு என்றார். அதற்குத் தனிக் கணக்கு. கோளாறு இருந்ததோ மொட்டைமாடியில். கூலிங் டைல்ஸ் ஒட்டியபோது அவருடைய ஆட்களே, கழிவுநீர்ப் பைப்புக்குள் காற்று போவதற்காக மேலே நீட்டியிருந்த வென்ட் பைப்பைக் குறுக்கே நிற்கிறதென்று தரையோடு அறுத்து, என்ட் கேப் போட்டு மூடியிருந்தார்கள்.

ட்ராப்பில் எப்போதும் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றைத் தடுக்கிறது. நல்ல ட்ராப்பில் அது 50 மி.மீ. ஆழம் இருக்கும். அந்தக் கட்டடத்தில் கழிப்பறைத் தண்ணீரும் குளியல் தண்ணீரும் ஒரே 110 மி.மீ. பைப்பில் இறங்குகின்றன. நான்காம் மாடியில் ஃப்ளஷ் செய்தால், விழும் தண்ணீர் பைப்பிலுள்ள காற்றையும் கீழே இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்தை நிரப்ப மேலிருந்து வென்ட் வழியாகக் காற்று வர வேண்டும். வழி மூடியிருந்தால் கீழ்வீட்டு ட்ராப் வழியாகத்தான் காற்று வரும். வரும்போது அங்கே நிற்கும் தண்ணீரையும் உறிஞ்சிவிடும். அப்போது கேட்கும் 'களுக் களுக்' சத்தம் அதுதான். எத்தனை புது ட்ராப் மாற்றினாலும் இது நிற்காது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு ஸ்கேலும் டார்ச்சும் போதும். ஜாலியை எடுத்துவிட்டு ட்ராப் நிரம்பத் தண்ணீர் ஊற்றி, ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். மேல்வீட்டில் இரண்டு மூன்று முறை ஃப்ளஷ் செய்யச் சொல்லிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். தண்ணீர் கண்முன்னே ஆடி இறங்கினால் வென்ட் கோளாறு என்று வைத்துக்கொள்ளலாம். யாரும் ஃப்ளஷ் செய்யாமலே மெல்லக் குறைந்தால் ட்ராப்பில் விரிசலோ, சிக்கிய முடியோ இருக்கலாம். நூல்திரி போல முடியும் தண்ணீரை வெளியே இழுத்துவிடும். பூட்டிக் கிடந்த வீட்டில் வற்றியிருந்தால் ஒரு மக்கு தண்ணீர் போதும், பிளம்பரே தேவையில்லை.

இந்தக் கட்டடத்தில் கேப்பை வெட்டி எடுத்து, அதே 110 மி.மீ. அளவில் பைப்பை ஆள் உயரத்துக்கு மேல் நீட்டி, அதன் வாயில் கவுல் என்னும் வலையுள்ள மூடியைப் போட்டதும் சரியாகிவிட்டது. அரை நாள் வேலை. செலவு குறைக்கிறேன் என்று சின்ன பைப்புக்கு ரெட்யூசர் போட விடாதீர்கள். போதிய காற்று இறங்காது.

பைப்பை நீட்டுவதற்குப் பதிலாகக் காற்று வால்வு மாட்டித் தருகிறேன் என்பார்கள். அது காற்றை உள்ளே மட்டும்தான் விடும். தரைத்தள வீட்டு ட்ராப்பில் தண்ணீர் குமிழியிட்டு மேலே எழும்பினால், அது கீழே சேர்ந்த காற்றின் அழுத்தம். அங்கே இந்த வால்வு ஒன்றும் செய்யாது.