நடந்து அளப்பதா, பறந்து அளப்பதா?

மரங்கள் மூடிய பழைய ஊர்களைத் தேட நிலத்தை நடந்தும் அளக்கலாம், விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சியும் அளக்கலாம். புதுச்சேரி அருகே பழங்காலத் துறைமுகமான அரிக்கமேட்டின் மாந்தோப்பில் நின்று அண்ணாந்து பாருங்கள். இலைகளுக்கு நடுவே சல்லடைக் கண்போல வானம் தெரியும். விமானத்திலிருந்து வரும் லேசருக்கும் அந்த ஓட்டைகள்தான் வழி. பெரும்பாலான துடிப்புகள் இலையில் பட்டுத் திரும்பிவிடும். சில தரையைத் தொட்டுச் சற்றே தாமதமாக வரும். அவற்றை மட்டும் சேர்த்தால் மரங்களை உரித்தெடுத்த வெறும் தரை கிடைக்கும்.

பெலிஸ் நாட்டு மாயா நகரமான கரகோலில் இரண்டு வழியும் நடந்தன. புதர் வெட்டி நடந்தவர்கள் சுமார் 25 ஆண்டுகளில் அளந்தது 23 சதுர கிலோமீட்டர். 2009இல் விமானம் சில நாட்களிலேயே 200 சதுர கிலோமீட்டரை முடித்தது. சதுர மீட்டருக்கு லேசர் பட்டுத் திரும்பிய புள்ளிகள் ஏறத்தாழ 20. அவற்றில் தரையைத் தொட்டது சராசரியாக ஒன்றிரண்டுதான். அதிலேயே படிக்கட்டு வயல்களும் மேட்டுச் சாலைகளும் தெரிந்துவிட்டன.

ஆனால் லேசர் மண்ணுக்குள் போகாது. தரையில் மேடாகவோ பள்ளமாகவோ தெரிவது மட்டுமே அதற்குப் புலப்படும். அடர்ந்த புதரையே மேடு என்று காட்டி ஏமாற்றவும் செய்யும். நடந்து போய்ப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். காலத்தைச் சொல்லும் பானை ஓடும் நடப்பவர் காலில்தான் இடறும்.

காட்டுக்கு விமானம் சரி. அரிக்கமேட்டிலோ கட்டடங்கள் மண்ணுக்கடியில் கிடந்தன. 1945இல் தொல்லியலாளர் வீலர் குழி வெட்டித்தான் பார்த்தார். இங்கே என் ஓட்டு கடப்பாரைக்கே.